மாதமும் வாரமும்: தடுப்பூசி அட்டவணையின் தமிழாக்கம் பற்றி

பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாயின் கையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பப்படும் தாய்சேய் அட்டையும், அதனோடு சில இடங்களில் சேர்த்துத் தரப்படும் சிசு பராமரிப்புக் கையேடும், தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்துவிட்ட அச்சுத் தாள்கள். அவற்றில் உள்ள தமிழ் பெரும்பாலும் மொழிபெயர்ப்புத் தமிழ்; தேசிய தடுப்பூசி அட்டவணையும், பச்சிளங் குழந்தையின் அபாயக் குறிகளும் முதலில் ஆங்கிலத்தில் வகுக்கப்பட்டு, பிறகு மாநில மொழிகளுக்குப் பெயர்க்கப்படுகின்றன. இந்தப் பெயர்ப்புத் தொழிலில் பல்லாண்டுகளாக நல்ல வேலை நடந்திருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்த வேலையின் கவனமெல்லாம் நோய்களின் பெயரிலும் மருந்துகளின் பெயரிலும் குவிந்திருக்க, காலத்தைச் சொல்லும் சாதாரணச் சொற்களும், குழந்தையின் உடம்பில் தாய் கண்டு உணரவேண்டிய லட்சணங்களைச் சொல்லும் சொற்களும் போதிய பரிசீலனையின்றி அச்சேறிவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளம்பிள்ளை வாதம், கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், தட்டம்மை என்பவை மக்களிடமிருந்து எடுத்து மக்களுக்கே கொடுக்கப்பட்ட சொற்கள், பி.சி.ஜி., ரோட்டா, பெண்டாவேலண்ட் போன்றவற்றை ஒலிபெயர்த்தே எழுதிவிட்டதும் சரியான தீர்மானம். ஏனெனில் ஊசி போடும் செவிலியர் வாயிலும், அட்டையின் கட்டத்திலும், மருந்துக் குப்பியின் மேலும் ஒரே பெயர் இருந்தால்தான் எது போட்டாயிற்று, எது பாக்கி என்று தாயும் செவிலியரும் ஒருவருக்கொருவர் தெளிவாகப் பேசிக்கொள்ள முடியும். தூய தமிழ்ப் பெயர் சூட்டும் ஆவலில் மூன்று இடத்தில் மூன்று பெயராகிவிட்டிருந்தால் அது பெருந்தீங்காய் முடிந்திருக்கும்.

சிக்கல் காலக் கணக்கில் தொடங்குகிறது. தேசிய அட்டவணைப்படி, பிறந்தவுடன் போடவேண்டியவை போக, அடுத்த மூன்று தவணைகள் 6 வாரம், 10 வாரம், 14 வாரம் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர் இவற்றை ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று பெயர்த்தார்கள். இது அஜாக்கிரதையால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. நன்கு யோசித்துச் செய்த காரியமாகவே தோன்றுகிறது. தமிழ்த் தாய் தன் குழந்தையின் வயதை வாரத்தில் எண்ணுவதில்லை. ‘பிள்ளைக்கு எத்தனை மாசம்?’ என்று கேட்பார்களே தவிர எத்தனை வாரம் என்று எவரும் கேட்பதில்லை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்ற வரிசை ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைத் திருப்பிச் சொல்வாள். வேறோர் அனுகூலமும் இதில் உண்டு. ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே குறைந்தபட்சம் 4 வாரம், அதாவது 28 நாள், இருந்தாக வேண்டும். மாதம் என்பது பெரும்பாலும் அதைவிட நீண்டது. ஆகவே மாதக் கணக்கில் பிழை நேர்ந்தாலும் அது தாமதத்தின் பக்கம்தான் சாயும். இடைவெளி குறைந்து மருந்து வீணாகும் பக்கம் சாயாது.

ஆனால் அந்தத் தாமதம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. தமிழ்நாட்டுச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, புதன்கிழமை பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். வாரக் கணக்கில் அதற்கு 6 வாரம் முடிவது பிப்ரவரி 21, புதன். 10 வாரம் மார்ச் 20, அதுவும் புதன். 14 வாரம் ஏப்ரல் 17, மீண்டும் புதன். வாரம் என்பது கிழமையைக் கிழமையோடு சேர்க்கும் அளவாகையால், முதல் புதனில் தொடங்கியவள் மூன்று புதன் விட்டு நான்காம் புதனில் வந்து நின்றால் போதும். இனி அதே குழந்தையின் தாய் மாதக் கணக்கை நம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மாதம் என்பது பிப்ரவரி 25 வாக்கில் நிறைகிறது, அது ஞாயிற்றுக்கிழமை, அடுத்த புதன் பிப்ரவரி 28. அங்கே முதல் தவணை போட்டுக்கொண்டு, ‘இன்னும் ஒரு மாதத்தில் வா’ என்ற வார்த்தையோடு திரும்புகிறாள். மார்ச் 28 வியாழன். புதன் முந்தின நாளே கடந்துவிட்டது. எனவே ஏப்ரல் 3. அங்கிருந்து ஒரு மாதம் மே 3, வெள்ளி. ஆகவே மே 8. ஏப்ரல் 17இல் முடிந்திருக்கவேண்டிய மூன்றாம் தவணை மே 8இல் முடிகிறது. யாரும் அசட்டை செய்யவில்லை; தாய் ஒருமுறைகூடத் தவறவில்லை; ஆனாலும் 3 வாரம் போயிற்று. கக்குவான் இருமல் உயிரைப் பறிப்பது முக்கியமாகப் பிறந்த முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களில் 3 வாரம் பாதுகாப்புக் குறைந்து கிடப்பது அற்ப விஷயமல்ல.

ஆகவே ஒன்றரை மாதம் என்ற பிரயோகத்தை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை; நினைவுக்கு அதுவே ஊன்றுகோல். குழந்தை எந்தப் பருவத்தில் எந்த ஊசிக்கு வரவேண்டும் என்று ஊராருக்குச் சொல்ல அது போதும். தவணைக்கும் தவணைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சொல்லும் இடத்தில் மட்டும் மாதத்தை விட்டு, ‘நான்காவது புதன்கிழமை’ என்றே எழுதிவிட வேண்டும். மூலத்தில் அந்தச் சொல் இல்லையே என்பது ஒரு தடையாகாது. மூலம் 28 நாளைக் கேட்கிறது. தமிழ்நாட்டுத் தாய்க்கு அந்த 28 நாள் புதன்கிழமையின் உருவத்தில்தான் வருகிறது.

இதைவிட நுட்பமான பிசகு ஒன்று ஒன்பது மாத ஊசியில் இருக்கிறது. தட்டம்மை - ரூபெல்லா ஊசியின் முதல் தவணை, குழந்தைக்கு 9 மாதம் பூர்த்தியான பிறகு, 12 மாதத்துக்குள் போடவேண்டியது. அதற்கு முன் ஏன் போடுவதில்லை என்றால், கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து குழந்தை பெற்றுக்கொண்ட தட்டம்மை எதிர்ப்புச் சக்தி அதன் இரத்தத்தில் சில மாதங்கள் மிஞ்சி நிற்கிறது. ஊசியில் உள்ள பலவீனமாக்கப்பட்ட கிருமியை அது முளைக்குமுன்பே அழித்துவிட்டால் குழந்தை தன் சொந்த எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளாது. தொற்று பரவும் சமயத்தில் முன்கூட்டியே போட நேர்ந்தாலும் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்காமல் உரிய காலத்தில் மறுபடி போடுவது இதனால்தான். இவ்வளவு காரணத்தோடு வைக்கப்பட்ட அந்த எல்லையை நம் பிரசுரங்கள் சில ‘ஒன்பதாம் மாதம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகின்றன.

ஒன்பதாம் மாதம் என்றால் தமிழில் என்ன பொருள்? கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு என்றால் ஆறு மாதம் முடிந்து ஏழு நடக்கிறது என்றே வீட்டார் கொள்கிறார்கள். ஏழு நிறைந்து எட்டுப் பிறக்கும்வரை காத்திருப்பதில்லை. அதே வீட்டில், அதே தாய், அதே பாட்டி, சில மாதங்களுக்குள் குழந்தையின் ஒன்பதாம் மாத ஊசி என்று படிக்கும்போது, எட்டு நிறைந்து ஒன்பது தொடங்கிய நாளையே எண்ணுவது முற்றிலும் இயற்கை. எனவே ஒரு மாதம் முன்னதாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அட்டையில் பிறந்த தேதியைப் பார்க்கும் செவிலியர் ‘இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த மாதம் வா’ என்று திருப்பி அனுப்புகிறார். மருத்துவ ரீதியில் இதனால் தீங்கில்லைதான்; செவிலியரின் கண் பிழையைத் தடுத்துவிட்டது. ஆனால் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்து, வெறுங்கையோடு திரும்பியவள் அடுத்த மாதம் அதே நம்பிக்கையோடு வருவாளா? நடப்புக் கணக்கின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. குழந்தையின் முதல் பிறந்தநாளை ஆண்டு நிறைவு என்றுதான் கொண்டாடுகிறோம். நடப்பதையும் நிறைந்ததையும் வேறுபிரித்துச் சொல்லும் பழக்கம் மக்கள் வாயிலேயே இருக்கும்போது, ‘ஒன்பது மாதம் நிறைந்த பிறகு, ஆண்டு நிறைவுக்கு முன்பாக’ என்று எழுதினால் மேலெல்லை கீழெல்லை இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடும். இலங்கையில் பெண்டாவேலண்ட் தவணைகளே 2, 4, 6 மாதங்களில் வருவதால் அட்டவணை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. ஆனால் அங்கே வயதை ‘பூர்த்தி’ என்ற சொல்லோடு சேர்த்தே குறிப்பிடும் வழக்கம் உண்டு, அது பின்பற்றத்தக்கது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கைக்குழந்தையோடு திரும்பிச் சென்ற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கையில் இரு நாட்டு அட்டைகளும் இருக்கும்போது, மொழி ஒன்றே என்பதற்காக அட்டவணையும் ஒன்றே என்று எண்ணிவிடாதபடி, எந்த நாட்டு அட்டவணை என்பதைத் தாளின் தலையிலேயே அச்சிட வேண்டியதும் அவசியம்.

இத்தகைய பிசகுகள் ஏன் கண்ணில் படாமல் போகின்றன என்பதற்குச் சோதனை முறையே ஒரு காரணம். இவ்வகைப் பிரசுரங்களைச் சரிபார்ப்பதற்கு, தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் செய்து, மூலத்தோடு ஒப்பிடும் முறை வழக்கத்தில் இருக்கிறது. மருந்தின் பெயர் மாறிப்போனாலோ, ஒரு வரி விட்டுப்போனாலோ இந்த முறை உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்த மட்டில் அது மிகவும் பயனுள்ளது. ஆனால் ஒன்பதாம் மாதம் என்பதை எவர் திருப்பி ஆங்கிலமாக்கினாலும் ஒன்பது என்ற எண்ணும் மாதம் என்ற சொல்லும் பத்திரமாக வந்துவிடுகின்றன. பரிசோதகர் திருப்தியடைந்து கையெழுத்திடுகிறார். எண் சரியாக இருப்பதே பிழையை மறைத்துவிடுகிறது.

வேற்றுமை உருபொன்றும் இதே வகையில் ஏமாற்றுகிறது. மஞ்சட்காமாலைக் கிருமிக்கு எதிரான ஹெபடைடிஸ் பி ஊசியின் முதல் தவணை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடிய கிருமியைத் தடுப்பதற்கு அதுவே வாய்ப்பான காலம், தள்ளிப்போகத் தள்ளிப்போகப் பலன் குறைந்துகொண்டே போகும். தாய்ப்பாலும் அவ்வாறே, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும். இவற்றை ‘24 மணி நேரத்தில்’, ‘ஒரு மணி நேரத்தில்’ என்று அச்சிட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்’ என்று புறப்படுகிறவர் ஏறக்குறைய ஒரு மணி கழித்து வருவதாகத்தானே சொல்கிறார்! களைத்துக் கிடக்கும் தாய், குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்று அந்த வாசகத்திலிருந்து புரிந்துகொண்டால் குற்றம் அவளுடையதல்ல. ‘உள்’ என்ற ஓரசையைச் சேர்த்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அட்டவணையைப் பெயர்ப்பவர்கள் பெரும்பாலும் கட்டங்களைப் பெயர்த்துவிட்டு அடிக்குறிப்புகளைக் கைவிட்டுவிடுவது மற்றொரு பெருங்குறை. கட்டம் என்பது ஒழுங்காக நடப்பவர்களுக்கு உரியது. ஒழுங்கு தவறியவர்களுக்கு வேண்டியதெல்லாம் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. செங்கல் சூளைக்கு வேலை தேடிப் போன ஒரு குடும்பத்தின் குழந்தை 6 வாரத் தவணையோடு நின்றுபோய், 7 மாதத்தில் ஊர் திரும்புகிறது என்று கொள்வோம். விதி மிகத் தெளிவானது: முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், போட்ட தவணை போட்டதுதான், பெண்டாவேலண்டின் இரண்டாம் தவணையை இன்றே போட்டு, நான்கு வாரம் கழித்து மூன்றாவதைப் போட்டால், அதற்குள் 8 மாதம் ஆகியிருக்கும், பிறகு 9 நிறைந்ததும் தட்டம்மை ஊசிக்கு அது மற்றக் குழந்தைகளோடு சமமாக வந்து நிற்கும். இடைவெளி கூடிவிட்டதால் பழைய தவணை வீணாகிவிடுவதில்லை. ஆனால் தாயின் கையில் உள்ள தமிழ்த் தாளிலோ இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்ற இரு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. அந்த வயது போய்விட்டது. ஆகவே அந்த ஊசியும் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டுகிறாள். ‘நாள் தவறிவிட்டதா? உடனே வாருங்கள், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்’ என்ற ஒரு வரியை, கட்டங்களுக்குக் கீழே சிற்றெழுத்தில் போடாமல், கட்டங்களுக்கு மேலேயே போட்டிருக்கலாம். எந்தத் தவணைக்கு எந்த வயது கடைசி எல்லை என்ற விவரங்கள் செவிலியருக்கு உரியவை. அவற்றைத் தாயின் தாளில் ஏற்றிக் குழப்ப வேண்டியதில்லை. அவள் வரவேண்டும், அவ்வளவே.

இனி, சிசு பராமரிப்புக் கையேட்டுக்கு வருவோம். இதன் பிரச்சினை வேறு தினுசானது. அட்டவணையில் எண் இருக்கிறது. இங்கே தாயின் கண்ணும் கையும்தான் கருவி. பிறந்து இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் கடும் நோய் கண்டதை அறிவிக்கும் லட்சணங்கள் மருத்துவ உலகில் தீர ஆராய்ந்து, சுருக்கமாக வகுக்கப்பட்டிருக்கின்றன: நன்றாகப் பால் குடிக்காமை, வலிப்பு, நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் வெகுவாக உள்வாங்குதல், காய்ச்சல், உடல் சில்லிட்டுப் போதல், தூண்டினாலன்றி அசையாமை. இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மூலத்தில் ஒவ்வொன்றும் கண்ணால் காணக்கூடிய செயலாக இருக்கிறது. தமிழாக்கத்திலோ அவற்றில் பல நோயின் பெயராகி விடுகின்றன. பெயரானவுடன் தாய் அதைக் காண்பது கடினமாகிறது.

வேக மூச்சை எடுத்துக்கொள்வோம். பல கையேடுகளில் இது ‘மூச்சுத் திணறல்’ என்று வருகிறது. திணறல் என்பது கண் பிதுங்கி, உதடு நீலம் பாரித்து, உயிர் ஊசலாடும் நிலை. அப்படி ஆவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே, குழந்தை அழாமலும் அலட்டாமலும், வெறுமனே விரைவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சந்தர்ப்பத்தில் பிடித்தால் பிழைக்க வைப்பது எளிது. திணறல் என்று படித்த தாய் திணறலுக்காகவே காத்திருப்பாள். குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் வயிற்றுத் துணியை விலக்கி, ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிப் பார். 60 வந்தால் மீண்டும் ஒருமுறை எண்ணு. மறுபடியும் 60க்குக் குறையாவிட்டால் உடனே புறப்படு என்று எழுதினால் நாலைந்து வரி ஆகும். ஆனால் அந்த வரிகளை வைத்துக்கொண்டு அவள் ஏதேனும் செய்ய முடியும். மீண்டும் எண்ணச் சொல்வது வீண் அல்ல. பச்சிளங் குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை, சற்று விரையும், சற்று நிற்கும். ஒரு நிமிஷத்தை மட்டும் நம்பினால் நோயில்லாத குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓட நேரும்.

‘சோர்வு’ என்ற சொல் இதைவிட மோசம். நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் சிசுவிடம் சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது? வெயிலில் வந்தவருக்கும் சோர்வு, விரதம் இருந்தவருக்கும் சோர்வு என்று சொல்லிச் சொல்லி அச்சொல்லின் வலு போய்விட்டது. உள்ளங்காலைத் தட்டினாலும் கண் திறக்கவில்லை, நேற்றுவரை பாலுக்கு அழுத பிள்ளை இன்று மார்பில் வைத்தாலும் வாய் வைக்கவில்லை என்பது தாய்க்கு விளங்கும் லட்சணம். உடல் சில்லிடுவதும் அவ்வாறே தனியாக விளக்கப்பட வேண்டியது. காய்ச்சலுக்கு அஞ்சுவது நம் வீடுகளில் பரம்பரையாக உண்டு. சிசுவின் உடம்பு சில்லிடுவது காய்ச்சலுக்குச் சமமான அபாயம் என்ற எண்ணம் இல்லை. புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாதம் மட்டும் சில்லென்று வயிறு கதகதப்பாக இருந்தால் குளிர் ஏறத் தொடங்கியிருக்கிறது, மார்போடு மார்பாக அணைத்துக்கொள்ளலாம். வயிறும் சில்லென்று இருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

சில சொற்கள் வேறு வழியில் தவறிப் போகின்றன. அவை தாயை ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வேறோரிடத்துக்கு அனுப்பிவிடுகின்றன. பேச்சுவழக்குக்கு இணங்கி வலிப்பை ‘இழுப்பு’ என்று எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் பல இடங்களில் இழுப்பு என்பது நெஞ்சில் கரகரவென்று வரும் மூச்சுக் கோளாறு. வேறு சில வீடுகளில் குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுத்தால் மாந்தம் என்று பெயரிட்டு, உரைமருந்து தேடுவார்கள். மஞ்சட்காமாலை என்ற சொல்லின் கதையும் இதுவே. பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசான மஞ்சள் நிறம் தோன்றித் தானே மறைவது இயற்கை. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிவதும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவதும்தான் பேரபாயம், மூளைக்கே கேடு விளைவிக்கக்கூடியது. ‘மஞ்சட்காமாலை’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், முதலாவது வகைக்கு வீண் அச்சமும், இரண்டாவது வகைக்குக் கீழாநெல்லிச் சாறும் கிடைக்கும். நோயின் பெயரையே சொல்லாமல், பகல் வெளிச்சத்தில் குழந்தையின் உள்ளங்காலை விரித்துப் பார்க்கச் சொல்வது பத்திரமான வழி.

இப்படி விரித்து எழுதுவதற்கு எதிரான வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. கையேடு தாய்க்கு மட்டும் உரியதன்று. கிராமச் சுகாதாரச் செவிலியரும் அதையே வைத்துக்கொண்டு பேசுகிறார். அவருக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த கலைச்சொல் தாளில் இல்லாவிட்டால் அவர் தம் பதிவேட்டோடு அதை ஒப்பிட முடியாது. மூலத்துக்குச் சொல்லுக்குச் சொல் நெருக்கமாக இருப்பது நாளை விதி மாறும்போது திருத்துவதற்கும் வசதி. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் போலியோ ஊசியின் மூன்றாம் தவணை 9 மாதத்தில் சேர்க்கப்பட்டபோது, மூலத்தைப் பின்பற்றிய தாள்களில் ஒரு வரி சேர்த்தால் போதுமாயிருந்தது. கதைபோல எழுதப்பட்டவற்றை அடியோடு மாற்ற வேண்டியிருக்கும். இந்த நியாயம் அட்டவணைக்கு முழுவதும் பொருந்தும் என்றே கருதுகிறேன். அபாயக் குறிகளுக்கு அது பொருந்தாது. அட்டவணையைப் போல அடிக்கடி மாறுகிறவை அல்ல அவை. மேலும் அவற்றைப் படிக்கும் நேரத்தில் செவிலியர் அருகில் இருப்பதில்லை. பிறந்த 3ஆம் நாளும் 7ஆம் நாளும் பிறகு வாரம் ஒருமுறையும் வீடு தேடி வந்து பார்க்கும் ஏற்பாடு சிறந்ததுதான். ஆனால் அந்த வருகைகளுக்கு இடைப்பட்ட நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்ப்பவள் தாய் ஒருத்தியே. கலைச்சொல்லை வரியின் இறுதியில் சிறிதாக வைத்துவிட்டு, முன்னே அவள் கண்டு உணரும் வாசகத்தை வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் துணிவும் சில இடங்களில் வேண்டும். ‘தொப்புள் கொடியில் எதையும் தடவ வேண்டாம்’ என்பது மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு. ஆனால் ‘எதையும்’ என்பதில் சாம்பலும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் அடங்கும் என்று வீட்டார் நினைப்பதில்லை; அவை அவர்கள் மனத்தில் ‘எதுவோ’ அல்ல, மருந்து. ‘தாய்ப்பால் மட்டும்’ என்பதும் அப்படியே. தண்ணீரை உணவென்று எவரும் எண்ணாததால், கோடையில் ஒரு பாலாடை தண்ணீர் புகட்டிவிட்டு, தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதாகத் தாய் உண்மையாகவே சொல்வாள். பிறந்தவுடன் நாக்கில் வைக்கும் சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், குளிப்பாட்டியபின் கொடுக்கும் வசம்பு, உரைமருந்து ஆகியவற்றைப் பெயர் சொல்லி வேண்டாமென்று எழுதாத கையேடு, தமிழில் அச்சாகியிருந்தும் தமிழ் வீட்டைப் பார்க்காததாகும். இதில் மரியாதையும் வேண்டும். மூட வழக்கம் என்று ஏசினால் பாட்டி தாளைத் தூக்கி எறிந்துவிடுவாள். குளிப்பாட்டுவதும் காலில் போட்டு எண்ணெய் தடவுவதும் அவள்தானே! ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலிலேயே போதிய நீர் இருக்கிறது என்று காரணத்தோடு அவளை நோக்கியே ஒரு வரி எழுதலாம்.

எது அபாயம் என்பதோடு எது அபாயமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சிறு கட்டி எழும்பி, புண்ணாகி, ஆறித் தழும்பாவது ஊசி தன் வேலையைச் செய்வதன் அடையாளம். அதற்கு மருந்து போட வேண்டியதில்லை. இதைப் ‘பக்க விளைவு’ என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டால் அடுத்த தவணைக்கு வரும் கால் பின்வாங்கும். ‘இப்படி ஆவது இயல்பு’ என்று தலைப்பிட்டு அதன் கீழ் இதையும், பெண்டாவேலண்ட் போட்ட அன்று வரும் காய்ச்சலையும் சேர்க்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். அதற்கு மேல் நின்றாலும், குழந்தை பால் குடியாவிட்டாலும் இயல்பு என்ற தலைப்பு அதைக் காப்பாற்றாது என்பதை அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

மறுபெயர்ப்புச் சோதனையோடு நில்லாமல், தாளைத் தாய்மாரிடமே கொடுத்துச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. கேட்கும் கேள்வி ‘புரிகிறதா?’ என்பதாக இருக்கக் கூடாது. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு தினசரி நாட்காட்டியைக் கொடுத்து, இந்தப் பிள்ளை இன்ன தேதியில் பிறந்தது, தட்டம்மை ஊசிக்கு எந்தத் தேதியில் கொண்டுவருவாய், விரல் வைத்துக் காட்டு என்று கேட்க வேண்டும். பத்துப் பேரில் நால்வர் விரல் ஒரு மாதம் முன்னே விழுந்தால் வாசகம் மாற வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதேபோல அபாயக் குறிக்கு, தூங்கும் தன் குழந்தையின் மூச்சை எண்ணிக் காட்டச் சொல்லலாம். கையால் செய்து காட்டும்போது தெரிவது வாயால் ஆமென்று சொல்லும்போது தெரியாது.

எவ்வளவு திருத்தமாக எழுதினாலும், நிறைந்த மாதத்தையும் நான்காவது புதனையும் கணக்கிடும் பாரத்தைத் தாயின் மேலேயே வைப்பது நியாயமல்ல. ஆகவே அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும், வயதைக் குறிக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், அடுத்து வரவேண்டிய தேதியையும் கிழமையையும் செவிலியர் பேனாவால் எழுதும்படி அகலமான வெற்றுக் கட்டம் ஒன்று விடப்பட வேண்டும். சில அட்டைகளில் அந்த இடம் இருக்கவே செய்கிறது; ஆனால் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட நீண்டுபோவதால், பக்கத்தை வடிவமைப்பவர் முதலில் குறுக்குவது அந்தக் கட்டத்தைத்தான். தேதி எழுத இடமின்றி ஓரத்தில் நெருக்கி எழுதி, வியர்வைக் கையில் அழிந்து, எட்டா மூன்றா என்று தெரியாமற்போன அட்டைகளைப் புதன்கிழமை வரிசையில் யாரும் காணலாம். வாசகத்தை எட்டுச் சொல்லிலிருந்து ஐந்து சொல்லாகச் சுருக்குவது மொழிபெயர்ப்பாளரின் கையில் இருக்கிறது. அவ்வாறு மிச்சமாகும் இடத்தை அச்சகத்துக்கு விட்டுவிடாமல் அந்தத் தேதிக் கட்டத்துக்குக் கேட்டு வாங்குவதையும் அவர் தம் வேலையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.